வெள்ளத்துக்கு எடுத்து வைக்கும் பை: மருந்து, உணவின் காலாவதியை எப்படிக் கணக்கு வைப்பது?

அடையாற்றங்கரை | 6 செப்டம்பர் 2025

முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடு. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் ஏறிய தெரு. வீட்டில் 4 பேர். அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரைக்குக் காலையும் இரவும் கலப்பு இன்சுலின் பேனா, அதோடு பிரஷர் மாத்திரை. நாங்கள் இருவர். 14 மாதக் குழந்தை, எடை 10 கிலோ.

போன வருடம் கட்டி வைத்த பையை இன்று பிரித்துப் பார்த்தேன். உணவு மட்டும் அண்மையில் வாங்கியது, மற்றதெல்லாம் பழசு. உள்ளே இருப்பவை:

ஓஆர்எஸ் சிறு பொட்டலம் 10, எக்ஸ்பயரி 11/2025
குளோரின் மாத்திரை ஒரு பட்டை, 07/2026
குழந்தைக்குப் பாராசிட்டமால் சொட்டு மருந்து, பிரிக்காதது, 03/2026
பாராசிட்டமால் 500, வெட்டிக் கொடுத்த 6 மாத்திரை, தேதியே இல்லை
அப்பாவின் பிரஷர் மாத்திரை ஒரு பட்டை, 05/2026
குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் ஒரு டப்பா, பிரித்தது, 01/2026
டெட்ரா பேக் பால் 200 மில்லி 6, பேக்கிங் 20/08/2025, 6 மாதம்
கடலை மிட்டாய் பாக்கெட் 4, பேக்கிங் 10/07/2025, 4 மாதம்
அவல் ஒரு கிலோ, தேதி எதுவும் இல்லாத கவர்
பேரீச்சை அரை கிலோ, யூஸ் பை 15/01/2026

தண்ணீர் பாட்டில், டார்ச், பவர் பேங்க், ஆவண நகல் தனி. இந்தப் பட்டியலில் எதுவுமே இன்றைக்குக் காலாவதி ஆகவில்லை. அப்படியே மூடி வைத்துவிடலாமா? மாதா மாதம் பிரித்துப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்கிற மாதிரி ஒரு முறை இருக்கிறதா?

---

மருந்துக்கடை_அக்கா

தம்பி, "இன்றைக்குக் காலாவதி ஆகவில்லை" என்பது இந்தப் பைக்கு உதவாத கணக்கு. பை இன்றைக்கு வேண்டியதில்லை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிக்குள் எந்த ராத்திரி வேண்டுமானாலும் வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழை சில வருடம் ஜனவரியிலும் கொஞ்சம் இழுக்கும். அதனால் கெடு தேதி ஒன்றே ஒன்றுதான்: ஜனவரி 31. செப்டம்பரில் பையைத் திறக்கும்போது ஒவ்வொரு பொருளையும் எடுத்து "இது ஜனவரி 31 தாண்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். தாண்டாதது இன்றைக்கு எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் வெளியே வரட்டும். அதை வீட்டில் சாப்பிட்டுத் தீர்த்துவிடலாம், வீணாகாது.

அந்தக் கணக்கில் உங்கள் ஓஆர்எஸ் போகிறது, கடலை மிட்டாய் போகிறது (நவம்பர் 10-ல் முடிகிறது), பேரீச்சை போகிறது. மூன்றுமே மழைக்கு நடுவில் முடிகிற பொருட்கள். பால் பிப்ரவரி 20 வரை தாங்கும், இருக்கட்டும்.

வருடத்துக்கு ஒரு தடவை போதுமா என்று கேட்டீர்கள். பையில் இருக்கும் பொருட்களை இரண்டாகப் பிரித்தால் போதும். அன்றாடம் வீட்டில் ஓடும் பொருள் ஒரு வகை: பிரஷர் மாத்திரை, பேனா ஊசி, பால், பிஸ்கட். பையிலேயே தூங்கும் பொருள் இன்னொரு வகை: ஓஆர்எஸ், குளோரின், காய்ச்சல் மருந்து, கட்டுத்துணி.

ஓடும் பொருளுக்குத் தேதியே எழுத வேண்டாம். மாதம் மருந்து வாங்கிக்கொண்டு வந்ததும், புதுப் பட்டை நேராகப் பைக்குப் போக வேண்டும், பையில் இருந்த பட்டை அப்பாவின் மருந்து டப்பாவுக்கு வர வேண்டும். அவ்வளவுதான். பையில் எப்போதும் 10 நாள் மருந்து இருக்கும், எப்போதும் புதிதாக இருக்கும்.

இதில் காலாவதியைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. மருத்துவர் மாத்திரையை மாற்றினாலோ 50-ஐ 25 ஆக்கினாலோ, பையில் தூங்கும் பட்டை பழைய அளவிலேயே கிடக்கும். தேதி சரியாக இருக்கும், மருந்து தப்பாக இருக்கும். அவசரத்தில் யாரும் மில்லிகிராம் பார்க்க மாட்டார்கள். மாதா மாதம் மாற்றினால் அந்தப் பழைய பட்டை தானாக வெளியே வந்துவிடும். உங்கள் பட்டியலில் பிரஷர் மாத்திரை 05/2026 என்கிறீர்கள். தேதியை விடுங்கள், அப்பா இன்று போடுவதும் அதே அளவுதானா என்று முதலில் பாருங்கள்.

---

அடையாற்றங்கரை

பார்த்தேன் அக்கா. ஏப்ரலில் அளவு மாறியிருக்கிறது. பையில் இருப்பது பழசு. எடுத்துவிட்டேன்.

---

கணக்குப்பிள்ளை

தூங்கும் பொருளுக்கு ஒரு கூகுள் ஷீட் போதும், 10 வரிக்கு மேல் வராது. A பொருள், B எண்ணிக்கை, C கவரில் இருக்கும் தேதி, D எத்தனை மாதம் என்ற எண், E காலாவதி, F என்ன செய்வது. H1-ல் இந்த மழைக்காலத்தின் கெடுவை `2026-01-31` என்று போடுங்கள். அடுத்த வருடம் அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் எல்லா வரியும் மாறும்.

```
E2:  =IF(D2="", EOMONTH(C2,0), EDATE(C2,D2))
F2:  =IF(E2<$H$1, "எடு", "இருக்கட்டும்")
```

மருந்தில் மாதமும் வருடமும் மட்டும் இருக்கும். அதற்கு D காலி. உணவுக் கவரில் பேக்கிங் தேதியும் "இத்தனை மாதம்" என்றும் இருந்தால், C-யில் பேக்கிங் தேதி, D-யில் மாத எண்ணிக்கை. ஒரு எச்சரிக்கை: 08/26 என்று அடிக்காதீர்கள். சில அமைப்புகளில் அது இந்த வருடம் ஆகஸ்ட் 26 என்று பதிவாகும், நீங்கள் நினைத்தது 2026 ஆகஸ்ட். எப்போதும் `2026-08-01` என்று முழுசாக அடியுங்கள்.

---

பழைய_வேளச்சேரி

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? எக்ஸ்பயரி தேதி என்பது கம்பெனிக்காரன் பத்திரமாக இருக்கப் போடுவது. அமெரிக்காவில் ராணுவக் கையிருப்புக்காகச் சோதனை செய்தபோது பல மருந்துகள் தேதி தாண்டியும் வருடக்கணக்கில் நன்றாகவே இருந்தன. மாத்திரை ஒன்றும் விஷமாகிவிடாது. நான் பையைப் பரணில் போட்டு வைத்திருக்கிறேன், வெள்ளம் எட்டாது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக மாற்றினால் போதும்.

---

மருந்துக்கடை_அக்கா

சார், அந்தச் சோதனை உண்மைதான். ஆனால் அதில் சோதித்தது உறை பிரிக்காமல், வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்பாட்டில் இருந்த கிடங்கில் வைத்த மருந்து. உங்கள் மருந்து இருப்பது சென்னைப் பரணில். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் மே மாதத்தில் எவ்வளவு கொதிக்கும் என்று ஒரு மதியம் கையை வைத்துப் பாருங்கள். அட்டையில் "30 டிகிரிக்குள் வைக்கவும்" என்று போட்டிருந்தால், காலாவதி தேதி அந்த நிபந்தனையோடு சேர்ந்த தேதி. நிபந்தனையை மீறிவிட்டால் தேதிக்குப் பொருள் இல்லை. அப்போது தேதிக்கு முன்பே கூட வீரியம் குறையலாம்.

எல்லா மருந்தும் ஒன்றுபோல் தாங்காது. பட்டையில் இருக்கும் பாராசிட்டமால் ஓரளவு தாங்கும். இன்சுலின், கண் சொட்டு, தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப் தாங்கவே தாங்காது. தைராய்டு மாத்திரை வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கூச்சப்படும், அதன் டப்பாவிலிருந்து கவருக்கு மாற்றவே கூடாது.

நீங்கள் சொன்னதில் பாதி சரி: கையில் வேறு ஒன்றுமே இல்லாத ராத்திரி, போன மாதம் முடிந்த காய்ச்சல் மாத்திரைக்காகப் பயப்பட வேண்டியதில்லை. அதைத் திட்டமாக வைத்துக்கொள்வதுதான் தப்பு.

பை எங்கே இருக்க வேண்டும்? 2015-ல் தண்ணீர் ஏறிய கோட்டுக்கு மேலே, ஆனால் பரணில் வேண்டாம். படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு, வெயில் படாத சுவர்ப்பக்கம், நின்றபடி கை எட்டுகிற உயரம். ஏணி போட்டு எடுக்கிற இடத்தில் வைத்த பை கரண்ட் போன ராத்திரியில் வீட்டிலேயே தங்கிவிடும்.

---

பழைய_வேளச்சேரி

வெப்ப விஷயம் ஒத்துக்கொள்கிறேன். பரணிலிருந்து இறக்கிவிடுகிறேன். ஆனால் ஓஆர்எஸ் பொடிக்குக் கூடவா? உப்பும் சர்க்கரையும்தானே.

---

மருந்துக்கடை_அக்கா

உப்பும் குளுக்கோஸும் கெடாது, ஆனால் பொட்டலத்துக்குள் ஈரம் போனால் பொடி கட்டியாகிவிடும், பழுப்பு நிறம் தட்டும். அந்த நிலையில் சரியாகக் கரையாது. விரலால் அழுத்திப் பார்த்தால் பொடி உதிரியாக நகர வேண்டும், கல்லாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். 

ஓஆர்எஸ்ஸில் தேதியைவிட அதிகம் நடக்கும் தப்பு அளவுதான். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. சிறிய பொட்டலத்தை ஒரு லிட்டரில் கலந்தால் உபயோகமில்லை. பெரியதை ஒரு டம்ளரில் கலந்து குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு ஏறி ஆபத்து. பையில் ஒரே அளவுப் பொட்டலம் மட்டும் வையுங்கள், கூடவே 200 மில்லி கோடு போட்ட ஒரு பாட்டில். உங்கள் வீட்டுக்குச் சிறிய பொட்டலம் 15 போதும். கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதற்காக ஓஆர்எஸ்ஸே கூடாது என்று ஒதுக்கவும் வேண்டாம். பேதி வந்தால் அது தேவை, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

---

கடலூர்_துறைமுகம்

எங்கள் பக்கம் ஒவ்வொரு புயலுக்கும் 25 கிலோ அரிசி, 5 கிலோ துவரம்பருப்பு, இரண்டு சிலிண்டர், 20 லிட்டர் கேன் நான்கு என்று எடுத்து வைப்போம். நீங்கள் அவல் ஒரு கிலோ என்கிறீர்கள், 4 பேருக்கு எத்தனை நாள் வரும்? அரிசியில் வண்டு விழாமல் இருக்க வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டால் போதும், தேதியெல்லாம் எதற்கு?

---

அடையாற்றங்கரை

அண்ணா, நீங்கள் சொல்வது வீட்டுக்குள்ளேயே இருந்து சமாளிப்பதற்கு. எங்களுக்கு வீட்டை விட்டு வெளியேற வேண்டிவரும். படகில் ஏறும்போது தோளில் தொங்குகிற பை பற்றித்தான் கேட்டேன்.

---

தாம்பரம்_தன்னார்வலர்

அந்த வேறுபாட்டை எடையில் பார்க்க வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு கை கயிற்றையோ சுவரையோ பிடித்திருக்கும். அதனால் கைப்பிடிப் பை உதவாது, முதுகுப் பைதான். ஒரு ஆளுக்கு 7, 8 கிலோவுக்கு மேல் வைத்தால் தண்ணீரில் நிலை தடுமாறும். உங்கள் வீட்டில் குழந்தையை ஒருவர் தூக்க வேண்டும். அவர் முதுகில் 3 கிலோவுக்கு மேல் வேண்டாம். அப்பாவைக் கைபிடித்து நடத்த வேண்டும். ஆக உண்மையில் பெரிய பை ஒன்றுதான்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூன்று நாள் தண்ணீரை யாராலும் சுமக்க முடியாது. பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர், குழந்தைக்கு அரை லிட்டர், மீதிக்குக் குளோரின் மாத்திரை. சீல் வைத்த பாட்டிலிலும் தேதி உண்டு, அதையும் ஷீட்டில் சேருங்கள். மூடியைத் திருகிப் பார்த்துச் சீல் அறுந்திருந்தால் அது குடிநீர்க் கணக்கில் வராது.

குளோரின் மாத்திரையில் ஒரு எல்லை இருக்கிறது. அது கிருமிக்கு மட்டும். கலங்கல் தண்ணீரில் போட்டால் சேறே குளோரினைத் தின்றுவிடும். முதலில் தெளிய வைத்து, வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி, பிறகு கவரில் போட்டிருக்கும் லிட்டர் கணக்குப்படி மாத்திரை, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடைசியில் லேசாகக் குளோரின் வாசனை வர வேண்டும். வராவிட்டால் மாத்திரை வீரியம் இழந்திருக்கலாம், அல்லது தண்ணீர் அவ்வளவு அழுக்காக இருக்கலாம். எண்ணெயோ டீசலோ கலந்த தண்ணீரை எந்த மாத்திரையும் சுத்தமாக்காது. 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து வந்தது. அந்த மாதிரி இடத்தில் பாட்டில் தண்ணீர் ஒன்றுதான் வழி.

இன்னொன்று. படகு வந்தால் முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்றுவார்கள். நீங்கள் அடுத்த படகில் வருவீர்கள், சில சமயம் வேறு முகாமுக்கே போய்விடுவீர்கள். அப்பாவின் மருந்து உங்கள் பையில் இருந்தால்? அவருடைய மூன்று நாள் மருந்து, மருந்துச் சீட்டு நகல், உங்கள் போன் நம்பர் எழுதிய தாள் எல்லாம் நீர்ப்புகா உறையில் அவர் கழுத்திலேயே தொங்க வேண்டும். மீதி 7 நாள் மருந்து பெரிய பையில். பேரிடர் உதவிக்கான 1070, 1077, ஆம்புலன்ஸுக்கான 108 மூன்றையும் அதே தாளில் எழுதிவிடுங்கள், போன் செத்துப் போனால் யாருக்கும் எந்த எண்ணும் நினைவுக்கு வராது.

---

குட்டிப்பாப்பா_அம்மா

எங்கள் வீட்டில் குழந்தைக்கு 7 மாதம், பால் பவுடர்தான். டெட்ரா பேக் பால் கொடுக்கலாமா? பிரித்த பவுடர் டப்பாவைப் பையில் வைக்கலாமா?

---

மருந்துக்கடை_அக்கா

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்கக் கூடாதும்மா. உங்களுக்கு அதே பவுடர்தான். டப்பாவில் இருக்கும் தேதி பிரிக்காத டப்பாவுக்கு மட்டும். பிரித்தால் எத்தனை வாரம் என்று டப்பாவிலேயே இருக்கும், பொதுவாக ஒரு மாதத்துக்குள்தான். அதனால் பிரித்த டப்பாவைப் பைக்குள் தூங்க விடாதீர்கள். சின்னப் புது டப்பா ஒன்று பையில், அடுத்த மாதம் அது சமையலறைக்கு, புதுசு பைக்கு. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் இல்லாமல் பவுடர் உதவாது, அதற்கு பிளாஸ்க் தனியாக வேண்டும். தாய்ப்பால் கொஞ்சமேனும் கொடுத்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடாதீர்கள்.

முடிச்சூர்த் தம்பி, உங்கள் குழந்தைக்கு 14 மாதம், டெட்ரா பேக் சரி. 200 மில்லியைப் பிரித்தால் உடனே குடித்து முடிக்க வேண்டும், மீதியை வைக்காதீர்கள். பாக்கெட் உப்பியிருந்தால் தேதி எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

காய்ச்சல் மருந்தில் கவனம். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. சொட்டில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120 தான். சிரப்புக்குச் சொன்ன 6 மில்லியைச் சொட்டில் கொடுத்தால் 600 மில்லிகிராம், நான்கு மடங்குக்கு மேல். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம்தான் உச்சம், சொட்டில் அது ஒன்றரை மில்லி. இதை உங்கள் குழந்தை மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். எழுதிய தேதியும் இருக்கட்டும், ஏனென்றால் குழந்தையின் எடை ஏறும். மார்ச்சில் மருந்து முடிவதற்கு முன்பே அந்த அளவு பழசாகிவிடும்.

---

அடையாற்றங்கரை

வெட்டிக் கொடுத்த 6 மாத்திரையில் தேதி இல்லையே, அதை என்ன செய்வது?

---

மருந்துக்கடை_அக்கா

வெளியே எடுத்துவிடுங்கள். பல பட்டைகளில் தேதி ஒரு ஓரத்தில் மட்டும்தான் இருக்கும், வெட்டும்போது அது கடையிலேயே தங்கிவிடும். பைக்கு வாங்கும் மருந்தை முழுப் பட்டையாகவே கேளுங்கள். கொஞ்சமாக வேண்டுமென்றால் தேதி இருக்கும் பக்கத்திலிருந்து தரச் சொல்லுங்கள். வீட்டிலும் மாத்திரையை எதிர் முனையிலிருந்து பிய்த்துக்கொண்டு வர வேண்டும், தேதி கடைசி மாத்திரை வரைக்கும் கூடவே வரும்.

08/2026 என்று இருந்தால் அந்த ஆகஸ்ட் 31 வரை செல்லும். ஆகஸ்ட் 1-லேயே தூக்கிப் போட வேண்டாம். பெட்டியை வீசிவிட்டு உள்ளே இருக்கும் பாட்டிலை மட்டும் பையில் வைத்தால் சில மருந்துகளில் தேதி பெட்டியோடு போய்விடும், அதையும் பாருங்கள். பில்லைப் பத்திரப்படுத்தினால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். வெப்பத்தாளில் அச்சடித்த பில் சில மாதத்திலேயே வெளுத்துவிடும்.

---

அம்பத்தூர்_சமையல்

உணவுக் கவரில் கறுப்பு மையில் அடித்த தேதி, பைக்குள் உரசி அழிந்துவிடும். புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். வாங்கிய அன்றே மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதி, அதன் மேல் செல்லோடேப் ஒட்டினால் நிற்கும். எழுத வேண்டியது பேக்கிங் தேதி இல்லை, எடுக்க வேண்டிய மாதம். "நவம்பர்" என்ற ஒரு சொல் போதும், யார் பார்த்தாலும் புரியும்.

தேதி இல்லாத அவலைப் பற்றி: மளிகைக்கடையில் நிறுத்துக் கொடுத்த பொருளுக்குக் காலாவதி உங்களுக்கே தெரியாது. பைக்கென்று வாங்கும் அவல், பொட்டுக்கடலை எல்லாம் அச்சடித்த கவரில் வாங்குங்கள். அவல் நல்ல தேர்வு, அடுப்பு வேண்டாம், குடிக்கிற தண்ணீரிலேயே ஊறும். கெட்டி அவல் ஊற நேரம் பிடிக்கும், மெல்லிசு அவல் வாங்குங்கள். ஒரு கிலோவை ஒரே கவராக வைக்காமல் கால் கிலோவாக வையுங்கள். பெரிய கவரைப் பிரித்தால் அன்றே ஈரம் ஏறும்.

கடலை மிட்டாய், வறுத்த வேர்க்கடலையில் எண்ணெய் இருப்பதால் தேதிக்கு முன்பே சிக்கு வாடை வரும், முக்கியமாகச் சூடான இடத்தில். மூக்கில் வைத்துப் பார்த்தாலே தெரியும். பிஸ்கட்டும் பேரீச்சையும் வெப்பத்தை அதைவிட நன்றாகத் தாங்கும். பூச்சிக்குப் பயந்து பைக்குள் அந்துருண்டை போடாதீர்கள். அந்த வாடை பிஸ்கட்டுக்குள் ஏறிவிடும், குழந்தை எடுத்து வாயில் போட்டால் விஷம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாதான் எலிக்கும் பூச்சிக்கும் தடை.

---

சர்க்கரை_வீடு

இன்சுலினைப் பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் மண்பானைக்குள் வைக்கலாம் என்கிறார்கள். ஐஸ் பையா, பானையா?

---

மருந்துக்கடை_அக்கா

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள், அதாவது ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். அதனால் அது பையில் தூங்க முடியாது. பை ஃபிரிட்ஜுக்கு வராது, இன்சுலின்தான் கடைசி நிமிடம் பைக்கு வர வேண்டும். பையின் மேல் "ஃபிரிட்ஜில் இன்சுலின்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இதுவரை சொன்ன எல்லாப் பொருளிலும் மறந்துபோக அதிக வாய்ப்பு இதற்குத்தான்.

பயன்பாட்டில் இருக்கும் பேனா வெளியிலேயே இருக்கலாம். பெரும்பாலான வகைகளுக்கு 30 டிகிரிக்குள் 28 நாள், சிலவற்றுக்கு வேறு. உள்ளே இருக்கும் தாளைப் பாருங்கள். முதல் ஊசி போட்ட தேதியைப் பேனாவில் ஒட்டுங்கள். அச்சடித்த எக்ஸ்பயரி 2027 என்று இருந்தாலும் 28 நாள் கணக்குதான் முந்தும்.

பானை வெயில் காலத்துக்கு நல்ல வழி. மழைக் காலத்தில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், பானையின் தண்ணீர் ஆவியாகாது, குளிர்ச்சியும் பெரிதாக வராது. ஆனால் டிசம்பர் வெள்ள நாளில் சென்னையில் வெளிவெப்பமே பெரும்பாலும் 30-க்குள்தான் இருக்கும். ஆக அப்போது இன்சுலினுக்கு உண்மையான ஆபத்து வெப்பம் இல்லை, ஐஸ். உறைந்த ஜெல் பையோடு ஒட்டி வைத்தால் இன்சுலின் உறைந்துவிடும். உறைந்து உருகியது பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. ஜெல் பையைத் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, இன்சுலினைத் தனி உறையில் வையுங்கள். கலப்பு இன்சுலின் பால் மாதிரிதான் இருக்கும், அது கெட்டதற்கு அடையாளமில்லை. மெதுவாக உருட்டிய பிறகும் திரியோ துகளோ சுவரில் ஒட்டியிருந்தால்தான் கெட்டது.

---

சர்க்கரை_வீடு

ஆனால் பள்ளிக்கூட முகாமில், நூறு பேர் இருக்கும் அறையில், கரண்ட் இல்லாமல் 30-க்குள் இருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆவியாதல் பை என்று விற்கிறார்களே, அதையாவது வாங்கலாமா?

---

மருந்துக்கடை_அக்கா

நெரிசலான அறைக்குள் ஓரிரண்டு டிகிரி ஏறும் என்பது நியாயமான சந்தேகம். ஆவியாதல் பையும் பானையின் தத்துவம்தான், ஈரக் காற்றில் அதே குறை அதற்கும் உண்டு. காற்றோட்டமான ஜன்னல் ஓரத்தில் வைத்தால் கொஞ்சம் உதவும். நான் பையை நம்பச் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். 3, 4 நாளுக்கு 31, 32 டிகிரி பட்ட பேனாவை வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிட்டால் போதும் என்பது என் கருத்து. உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

---

தாம்பரம்_தன்னார்வலர்

எலிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் பையில் வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு முகாமில் கொடுப்பதுண்டு.

---

மருந்துக்கடை_அக்கா

முகாம் மருத்துவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அவர்களாக முடிவு செய்யக் கூடாத மருந்து அது. பையில் முன்கூட்டியே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பழைய_வேளச்சேரி

எனக்கு உண்டு. 2023-ல் எங்கள் தெருவுக்கு மருத்துவ முகாம் வர நான்கு நாள் ஆனது. சீட்டு எழுதி வாங்கி வைத்தால் என்ன தப்பு?

மருந்துக்கடை_அக்கா

மருத்துவர் சீட்டோடு, யாருக்கு எவ்வளவு என்று பெயர் எழுதி, பெரியவர்களுக்கு மட்டும் என்றால் நான் எதிர்க்க மாட்டேன் சார்.

---

அடையாற்றங்கரை | 7 செப்டம்பர் 2025

ஷீட் போட்டுவிட்டேன். கணக்குப்பிள்ளை, ஒரு குழப்பம். புதுப் பேரீச்சைப் பாக்கெட்டில் "யூஸ் பை 12/04/2026" என்று முழுத் தேதி இருக்கிறது. D-யைக் காலியாக விட்டேன், E-யில் ஏப்ரல் 30 என்று வருகிறதே?

---

கணக்குப்பிள்ளை

சரியாகப் பிடித்தீர்கள், அது என் சூத்திரத்தில் விட்டுப்போனது. D காலியாக இருந்தால் மாதக் கடைசிக்குத் தள்ளும். நாளும் சேர்த்து முழுத் தேதி இருக்கும் பொருளுக்கு D-யில் 0 போடுங்கள். அப்போது அதே தேதி நிற்கும். இதைக் கவனிக்காமல் 15/01/2026 என்று இருந்த பழைய பேரீச்சையைப் போட்டிருந்தால், E-யில் ஜனவரி 31 என்று வந்து "இருக்கட்டும்" என்று காட்டியிருக்கும்.

---

மருந்துக்கடை_அக்கா

இன்னும் ஒன்று. குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் 01/2026 என்பதால் ஷீட் "இருக்கட்டும்" என்றுதான் காட்டும். ஆனால் அது பிரித்த டப்பா. பிரித்தபின் எத்தனை மாதம் என்று டப்பாவில் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஈரம் பட்ட ஸ்ட்ரிப் தப்பான எண்ணைக் காட்டும், தப்பு என்று உங்களுக்குத் தெரியவும் வராது. பிரித்ததை அப்பா இப்போது பயன்படுத்தட்டும், பிரிக்காத டப்பா ஒன்று பைக்குப் போகட்டும். பொதுவாகவே பிரித்த எதுவும் பைக்குள் வேண்டாம்.

வெள்ளம் முடிந்து வந்தபின்: பைக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் நனைந்த மருந்தைத் தேதி பார்க்காமல் அகற்றுங்கள். பட்டைக்குள் இருக்கிறதே என்று கழுவிக் காயவைக்க வேண்டாம். மாற்று கிடைக்கும் வரை உயிர்காக்கும் மருந்து ஒன்றுக்கு மட்டும் விலக்கு, அதுவும் உள்ளே காய்ந்திருந்தால்.

---

அடையாற்றங்கரை

ஸ்ட்ரிப் டப்பாவில் பிரித்தபின் 3 மாதம் என்று போட்டிருக்கிறது. பிரித்தது மே மாதம். நாளைக்குப் புதுசு வாங்குகிறேன். பேனா ஊசி ஒரு நாளைக்கு 2, பத்து நாளுக்கு 20, இரண்டு கூடுதலாக 22 எண்ணி வைத்திருக்கிறேன். போட்ட ஊசியை முகாமில் எங்கே போடுவது என்று யாருக்காவது தெரியுமா?

---

தாம்பரம்_தன்னார்வலர்

கெட்டியான காலி பிளாஸ்டிக் பாட்டில், திருகு மூடியோடு ஒன்று பையில் வையுங்கள். முகாமில் மருத்துவக் குழு வரும்போது அவர்களிடம் கொடுத்துவிடலாம். குப்பைக் கவரில் போட்டால் அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் கையில் குத்தும்.